ஒத்தெழுத்துக்கு இடமில்லாத உணவுப் பட்டியல்

பெங்களூரின் தென்பகுதியில் ஒரு குடும்ப உணவகம். ஞாயிற்றுக்கிழமைக் காலை. எழுபதைக் கடந்த ஒருவர் மகனுடனும் பேத்தியுடனும் வந்து அமர்கிறார். அன்று விடியலில் கன்னட நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து முடித்துவிட்டு வந்தவர். மேசையில் வைக்கப்பட்ட மெனு அட்டையை எடுக்கிறார், கண்ணாடியைச் சரிசெய்கிறார், அட்டையைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்க்கிறார், பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "என்ன இருக்குன்னு நீயே பார்த்துச் சொல்லப்பா" என்கிறார். மகன் பரிமாறுபவரிடம், "அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது" என்று சிரித்தபடி விளக்கம் சொல்கிறார். அந்த அட்டையில் ஒவ்வோர் உணவின் பெயரும் கன்னடத்திலும் அச்சிடப்பட்டிருக்கிறது என்பதை மகனும் கவனிக்கவில்லை, பரிமாறுபவரும் கவனிக்கவில்லை.

இங்கே குற்றம் பெரியவரின் கண்ணில் இல்லை. நாளிதழைப் படித்த அதே கண்தான் இந்த அட்டையிடம் தோற்றது. குற்றம் அட்டையைக் கட்டமைத்த முறையில் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு எழுத்துருவையும் அளவையும் வரி இடைவெளியையும் முதலில் முடிவுசெய்து, மிஞ்சிய இடத்தில் கன்னடத்தை நிரப்பியிருக்கிறார்கள். இந்திய நகரங்களின் இருமொழி உணவுப் பட்டியல்களில் இதுவே வழக்கமாகிவிட்டது. 'இந்த ஆங்கில எழுத்துருவுக்குப் பொருத்தமான கன்னட எழுத்துரு எது' என்று கேட்டே வேலையைத் தொடங்குகிறார்கள். கேள்வியே தலைகீழானது. மேலும் கீழும் அதிக இடம் கேட்கும் எழுத்துமுறை எதுவோ, அதிலிருந்துதான் தேர்வு தொடங்க வேண்டும். மற்றது அதற்கு இணங்கிப் போகும். இணங்கிப் போக அதனால் முடியும்.

மேற்சொன்ன அட்டையையே எடுத்துக்கொள்வோம். ஏ4 அளவு, இரு பக்கம், பளபளப்பான பிளாஸ்டிக் உறையிட்டது. மொத்தம் 42 உணவுகள். இடப்பக்கம் கன்னடப் பெயர், நடுவில் ஆங்கிலப் பெயர், வலக்கோடியில் விலை. பெயர்கள் இரு மொழியிலும் 11 புள்ளி அளவு; ஆங்கிலம் முழுவதும் பெரிய எழுத்துகளில். பெயருக்குக் கீழே இரு மொழியிலும் 8 புள்ளியில் ஒரு வரி விளக்கம், சாய்வெழுத்தில், சாம்பல் நிறத்தில். வடிவமைத்தவரைக் கேட்டால், "இரண்டுக்கும் ஒரே அளவுதானே கொடுத்திருக்கிறேன், இதில் பாரபட்சம் எங்கே?" என்பார். மனமறிந்து சொல்லும் பதில்தான் அது. ஆனால் அந்த 'ஒரே அளவு' என்பதே முதல் பிழை.

புள்ளி அளவு என்பது கண்ணுக்குத் தெரியும் எழுத்தின் உயரத்தைக் குறிப்பதில்லை. ஈய அச்சுக்காலத்தில் எழுத்தைத் தாங்கிய உலோகக் கட்டையின் உயரத்தை அது குறித்தது. இன்று கணினிக்குள் அதே கட்டை கற்பனையாக இருக்கிறது. ஒரு புள்ளி ஏறத்தாழ 0.35 மில்லிமீட்டர். அந்தக் கட்டைக்குள் எழுத்தை எவ்வளவு பெரிதாக வரைவது என்பது எழுத்துருவை வரைந்தவரின் முடிவு. ஆங்கில எழுத்துருவில் கீழே தொங்குவன g, p, y போன்ற சில எழுத்துகளே. கன்னட எழுத்துருவை வரைபவரோ, தலைமேல் ஏறும் உயிர்க்குறிக்கும் காலடியில் தொங்கும் மெய்க்கும் அதே கட்டைக்குள் இடம் ஒதுக்கியாக வேண்டும். ஆகவே, ஒன்று நடு எழுத்தைச் சிறிதாக்குவார். அல்லது கட்டையைத் தாண்டிக் கீழே வழிய விடுவார். முன்னதில் 11 புள்ளி கன்னடம் 11 புள்ளி ஆங்கிலத்தைவிடச் சிறிதாகத் தெரியும். பின்னதில் அடுத்த வரியோடு மோதும். எண்ணளவில் தரப்பட்ட சமத்துவம் கண்ணளவில் போய்ச் சேருவதில்லை.

காலடியில் தொங்கும் மெய் என்றது என்ன என்பதைத் தமிழ் வாசகருக்குச் சற்று விளக்க வேண்டும். தமிழில் மெய்யும் உயிர்மெய்யும் அடுத்தடுத்து வந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, முன்னதன் தலையில் புள்ளி வைத்துவிடுகிறோம். 'ரொட்டி' என்ற சொல்லில் 'ட்' என்றும் 'டி' என்றும் இரண்டு இடங்கள் செலவாகின்றன. தமிழ் அகலத்தில் வளர்கிறது. கன்னடத்தில் அதே இரட்டிப்பு, ஒரு டகரத்தின் கீழே இன்னொரு டகரத்தைச் சிறிதாகத் தொங்கவிட்டு எழுதப்படுகிறது. அதற்கு ஒத்தக்ஷரம், பேச்சுவழக்கில் ஒத்து என்று பெயர். ஒத்தெழுத்துகளுள் பல, மேலெழுத்தின் சிறு நகல்கள். த, ந, ம, ய, ர, ல ஆகியவற்றின் ஒத்துகளோ மேலெழுத்தின் சாயலே இல்லாத தனி வடிவங்கள். ஆகையால் மேலெழுத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்ளவும் வழியில்லை. தெளிவாக அச்சாகியிருந்தால்தான் படிக்க முடியும்.

இது எங்கோ எப்போதோ வரும் அரிய எழுத்து என்று எண்ணிவிடக் கூடாது. திராவிட மொழிகளில் மெய்யிரட்டிப்பு அன்றாடச் சரக்கு. உணவுப் பெயர்களில் அது இன்னும் மிகுதி. அக்கி ரொட்டி, உப்பிட்டு, ஒப்பட்டு, முத்தெ, சித்ரான்ன, இட்லி: இவற்றில் ஒத்தெழுத்து இல்லாத பெயர் ஒன்றுகூட இல்லை. உப்பிட்டில் இரண்டு ஒத்துகள். முதல் ஒத்தைத் தாங்கும் எழுத்தின் தலையில் இகரக்குறி வேறு. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த அட்டையில் மிகுதியாக இடம் கேட்கும் கன்னட எழுத்து, ஆங்கிலத்திலிருந்து வந்த சொல்லில் இருக்கிறது. 'ஸ்ட்ராபெரி மில்க் ஷேக்' என்பதைக் கன்னடத்தில் எழுதும்போது, ஸகரத்தின் கீழே டகர ஒத்தும் அதையொட்டி ரகர ஒத்தும் வந்து, ஓர் எழுத்து மூன்று மெய்களைச் சுமக்கிறது. 'கன்னடப் பெயர்களை மட்டும் கன்னடத்தில் போடுவோம், மற்றவற்றை விட்டுவிடுவோம்' என்பதுகூட இந்தச் சிக்கலிலிருந்து தப்ப முழு வழியாகாது.

இப்போது அட்டையின் விளக்க வரிக்கு வருவோம். 8 புள்ளி அளவில், அந்த அட்டையில் பயன்பட்ட கன்னட எழுத்துருவின் ஒத்தெழுத்து உயரம் ஒரு மில்லிமீட்டரை எட்டவில்லை. அதற்குள் ஒரு வளைவும் ஒரு கொக்கியும் ஒரு வெற்றிடமும் இருந்தாக வேண்டும். அதோடு, சாம்பல் நிறம். கறுப்பு மையைக் கொண்டு சாம்பலை அச்சிடும்போது அச்சுப்பொறி நிறத்தைக் குறைப்பதில்லை. நுண்புள்ளிகளாகத் தெளித்துக் கண்ணை ஏமாற்றுகிறது. மெல்லிய கோடு அந்தப் புள்ளிகளுக்கிடையே உடைந்துபோகும். கன்னடத்தில் சில எழுத்துகளுக்கிடையிலான வேறுபாடே ஒரு சிறு கோடுதான். ப என்பதற்கும் அதன் மூச்சொலி இணைக்கும், த என்பதற்கும் அதன் மூச்சொலி இணைக்கும் வேறுபாடு அடியில் வரும் ஒரு கீற்று. ர என்பதற்கும் மூச்சொலி டகரத்துக்கும் முதன்மையான வேறுபாடு வட்டத்தின் நடுவே வைக்கும் ஒரு புள்ளி. காஃபி என்ற சொல்லைக் கன்னடத்தில் எழுதும்போது வரும் எழுத்தும் அந்தக் கீற்றுடைய பகரம்தான். கீற்று உடைந்தால் காஃபி காபியாகிவிடும். பழகிய சொல் என்பதால் வாசகர் தாமே திருத்திப் படித்துக்கொள்வார். முன்பின் பார்த்திராத ஓர் உணவின் பெயரில் அப்படித் திருத்திக்கொள்ள அவருக்கு எந்தப் பிடிமானமும் இல்லை.

மோதல் எங்கே நிகழ்கிறது என்பதையும் பார்க்கலாம். InDesign போன்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வரி இடைவெளியைத் தானியங்கியாக விட்டால் அது எழுத்தளவின் 120 விழுக்காடு. 11 புள்ளி எழுத்துக்கு ஏறத்தாழ 13 புள்ளி. ஆங்கிலத்துக்கு அது போதும். அதை மனத்தில் வைத்து ஏற்படுத்திய வழக்கமே அது. அந்த இடைவெளியில் 'உப்பிட்டு' என்ற பெயரை வைத்து, கீழே அதன் விளக்க வரியையும் கன்னடத்தில் வைத்தால், மேல்வரியின் ஒத்து கீழ்வரியின் இகரக்குறி மேல் வந்து உட்காரும். அட்டையைக் கையில் எடுத்தவர் எந்த வரிக்கு உரிய கோடு எது என்று பிரித்தறியப் போராட வேண்டும். பெரியவர் அட்டையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தது அந்தப் போராட்டம்தான்.

இரண்டாவது பிழை இதைவிட நுட்பமானது. உணவுப் பட்டியலில் பெயர் ஒரு படிநிலை, விளக்கம் அடுத்த படிநிலை. கண் முதலில் பெயர்களின் மேல் ஓடி, வேண்டிய இடத்தில் நின்று, விளக்கத்துக்கு இறங்க வேண்டும். அந்த அட்டை இந்த வேறுபாட்டைக் காட்டப் பெயருக்குப் பெரிய எழுத்தையும் விளக்கத்துக்குச் சாய்வெழுத்தையும் நம்பியிருந்தது. இரண்டும் ரோமன் எழுத்துமுறைக்குச் சொந்தமான கருவிகள். கன்னடத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே கிடையாது. சாய்வெழுத்து மரபும் அதற்குரியதாக வளர்ந்ததில்லை. மென்பொருள் நேர் எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்த்ததுதான் அந்த அட்டையில் இருந்தது. அப்படித் தள்ளும்போது வட்டங்கள் நசுங்குகின்றன. மேலெழுத்து ஒருபுறமும் அதன் ஒத்து மறுபுறமும் விலகுவதால், ஒத்து எதற்குரியது என்ற ஐயம் வருகிறது. ஆங்கில வாசகருக்கு இரண்டு தெளிவான படிநிலைகள். கன்னட வாசகருக்குக் கிடைத்ததோ மெலிந்த ஒரு வரியும், அதற்குக் கீழே கோணலான இன்னொரு வரியும். அட்டையின் ஒழுங்கு ஒரு மொழிக்கு மட்டும் பரிமாறப்பட்டிருக்கிறது.

எனவே, இரு எழுத்துமுறைகளுக்கும் பொதுவான கருவிகளைக் கொண்டுதான் படிநிலையை அமைக்க வேண்டும். அளவு ஒன்று, தடிமன் ஒன்று. தேவைப்பட்டால் முழு மையில் அச்சாகும் இரண்டாவது நிறம். இதை ஏற்றுக்கொண்ட மறுகணமே எழுத்துருத் தேர்வு பாதி முடிந்துவிடுகிறது. உண்மையாகவே வரையப்பட்ட இரண்டு தடிமன்களாவது உள்ள கன்னட எழுத்துரு வேண்டும். 'உண்மையாகவே வரையப்பட்ட' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவுக்குச் சில மென்பொருள்கள் கோட்டைச் சுற்றி மை தடவிப் போலித் தடிமன் தருகின்றன. கன்னட எழுத்தின் உள்வெற்றிடங்கள் அதில் அடைபட்டுப்போகின்றன.

இந்த அளவுகோலை வைத்துக் கிடைக்கும் எழுத்துருக்களைப் பார்க்கலாம். டிரோ கன்னடா, நூலின் பக்கத்துக்கு ஏற்ற அழகான எழுத்து; ஆனால் அதில் தடித்த வடிவம் இல்லை. ஆகவே பெயருக்கும் விளக்கத்துக்கும் அது ஒன்றே போதாது. பலூ தம்மா, உருண்டு திரண்ட எழுத்து. தலைப்பில் கண்ணைக் கவரும். அதையே 9, 10 புள்ளி விளக்க வரியில் வைத்தால் அதன் தடித்த கோடுகளே வெற்றிடங்களை விழுங்கிவிடும். நோட்டோ சான்ஸ் கன்னடா, அனேக் கன்னடா ஆகிய இரண்டும் மெலிந்தது முதல் மிகத் தடித்தது வரை பல தடிமன்களைக் கொண்டவை. அனேக் குடும்பத்தை மும்பையின் ஏக் டைப் குழு, தமிழ் உட்படப் பல இந்திய எழுத்துமுறைகளையும் ரோமனையும் ஒரே குடும்பமாகக் கருதி வரைந்தது. அட்டைக்குத் தேவையான கோட்டுத் தடிமன் ஒற்றுமை அதில் ஆயத்தமாகவே கிடைக்கிறது. இந்த அட்டைக்கு அதைத் தேர்ந்துகொண்டால், பெயர்களுக்கு அரைத்தடிமன், விளக்கங்களுக்கு இயல்புத் தடிமன் என்று இரண்டே வடிவங்கள் போதும். இவை யாவும் விலையின்றிக் கிடைப்பவை. 'நல்ல கன்னட எழுத்துரு வாங்கப் பணமில்லை' என்ற சாக்குக்கு இன்று இடமில்லை.

ஒரே குடும்பத்து எழுத்துரு என்பதற்காக அளவையும் ஒன்றாக வைத்துவிடக் கூடாது. கன்னடப் பெயரை 12 புள்ளியில் வைத்து, வரி இடைவெளி 18 புள்ளி தர வேண்டும்; அதாவது ஒன்றரை மடங்கு. ஆங்கில எழுத்தளவைக் குறைத்துக்கொண்டே வந்து, கன்னடத்தின் ஒத்தில்லாத ஒரு நடு எழுத்தும் ஆங்கில x எழுத்தும் அச்சில் ஒரே உயரமாகத் தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். இந்த அட்டையில் அது 10.5 புள்ளியை ஒட்டி வருகிறது. விளக்கம் கன்னடத்தில் 10, ஆங்கிலத்தில் 9. எண்கள் வேறுபடுகின்றன, கண்ணுக்கு இரண்டும் சமமாக நிற்கின்றன. வேறொரு எழுத்துருவைத் தேர்ந்தால் இந்த எண்கள் மாறும். அளந்து பார்க்கும் முறை மாறாது.

எழுத்துருவைச் சோதிக்கும் சொற்களும் அட்டையின் சொற்களாகவே இருக்க வேண்டும். எழுத்துருத் தளங்கள் காட்டும் மாதிரி வாக்கியத்தைப் பார்த்துத் தேர்வதில் பயனில்லை. உப்பிட்டு, சித்ரான்ன, அக்கி ரொட்டி, காஃபி, ஸ்ட்ராபெரி ஆகிய ஐந்தையும் உண்மையான அளவில், உண்மையான தாளில் அச்சிட்டு, உணவகத்தின் விளக்கொளியில், ஒரு முழத் தொலைவில் பிடித்து, கன்னடம் படிக்கும் ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். எந்தச் சொல்லில் அவர் ஒரு கணம் தயங்குகிறாரோ அங்கே பிழை இருக்கிறது. பிளாஸ்டிக் உறையின் பளபளப்பும் இந்தச் சோதனையில்தான் தெரியவரும். மேல்விளக்கு அதில் பட்டுத் தெறித்தால் எந்த எழுத்துருவும் உதவாது, பளபளப்பற்ற உறைக்கு மாறத்தான் வேண்டும்.

கன்னடம் அறியாத வடிவமைப்பாளர் ஒருவர் தனியாகவே கண்டுபிடிக்கக்கூடிய பிழையும் உண்டு. InDesign மென்பொருளில் பத்தி அமைப்பை Adobe World-Ready Paragraph Composer என்பதற்கு மாற்றாமல் இந்திய எழுத்துகளை ஒட்டினால், சில பதிப்புகளில் ஒத்து கீழே இறங்காமல் இரண்டு மெய்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். உயிர்க்குறி இடம் மாறும். சில வேளை புள்ளிகளாலான வட்டம் ஒன்று தோன்றும். அந்த வட்டம் அச்சான அட்டையை யாருக்கும் கொடுக்கக் கூடாது. இதற்கு அஞ்சிச் சில அச்சகங்கள் யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருக்களிலேயே தட்டச்சு செய்கின்றன. பாமினியில் தட்டச்சு செய்த தமிழை வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் என்ன கூத்தாகும் என்பதை அறிந்த தமிழருக்கு இதன் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை. அடுத்த முறை விலை உயரும்போது அட்டையைத் திறக்கும் இன்னொருவர் எழுத்துருவை மாற்றுவார்; கன்னடம் முழுதும் பொருளற்ற குறிகளாகிவிடும்.

மூன்றாவது பிழை விலையில் இருக்கிறது. கன்னடம், ஆங்கிலம், விலை என்ற வரிசையில் வைத்ததால் விலை ஆங்கிலத்தின் உடைமையாகிவிட்டது. கன்னடப் பெயரைப் படித்தவரின் கண், இடையிலுள்ள ஆங்கிலத்தைத் தாண்டி வலக்கோடிக்குப் போக வேண்டும். போகிற வழியில் ஒரு வரி மேலோ கீழோ நழுவுவது இயல்பு. நாற்பது ரூபாய் என்று எண்ணிச் சொன்ன உணவுக்கு அறுபது ரூபாய் பில் வந்தால், கூச்சப்படுவது உணவகம் அல்ல, உண்டவர். மாறாக, கன்னடப் பெயரும் விலையும் முதல் வரியில், ஆங்கிலப் பெயர் அதற்குக் கீழே, பிறகு விளக்கங்கள் என்று அடுக்கினால் விலை இரு பெயர்களுக்கும் பக்கத்தில் நிற்கும். எண்களை ஒரே அகலமுடைய வடிவங்களில் வைத்தால் ஒன்றுகளும் பத்துகளும் நேர்க்கோட்டில் அமையும். 2010-இல் ஏற்கப்பட்ட ரூபாய்க் குறி பழைய எழுத்துரு பலவற்றில் இல்லை. மென்பொருள் அதை வேறெங்கிருந்தோ கடன் வாங்கி ஒட்டும், அல்லது வெறும் கட்டம் போடும். 42 வரியிலும் அந்தக் குறியைத் திரும்பத் திரும்பப் போடுவதைவிட, 'விலை ரூபாயில்' என்று இரு மொழியிலும் பக்கத்தின் தலையில் ஒருமுறை சொல்லிவிடலாம்.

இங்கே உணவக உரிமையாளரின் மறுப்பு எழும். "இதெல்லாம் சரி, ஏ4-இல் இடம் எங்கே இருக்கிறது?" நியாயமான கேள்வி, கணக்குப் போட்டே பதில் சொல்லலாம். ஏ4 தாளின் உயரம் 842 புள்ளி. மேலும் கீழும் அரை அங்குலம் விட்டால் 770. பக்கத்துக்கு இரண்டு பத்தி என்றால் 1540. விளக்கமுள்ள ஓர் உணவுக்கு நான்கு வரிகள்: 18, 13, 15, 12, அடுத்த உணவுக்கு முன் 8 புள்ளி இடைவெளி, ஆக 66. விளக்கமில்லாத உணவுக்கு 39. ஒரு பக்கத்துக்கு 21 உணவுகள். எல்லாவற்றுக்கும் விளக்கம் தந்தால் 1386 புள்ளி. மீதமுள்ள 154 புள்ளியில் தலைப்புகளையெல்லாம் திணிக்க வேண்டிவரும். ஆனால் காஃபி, டீ, தயிர், அப்பளம் ஆகியவற்றுக்கு விளக்கம் எதற்கு? பக்கத்துக்கு ஏழு உணவுகள் அப்படிப்பட்டவை. அவற்றின் விளக்கத்தை எடுத்துவிட்டால் 1197 புள்ளிதான் செலவு. 343 புள்ளி மிஞ்சுகிறது. இடம் எப்போதும் இருந்தது. தேவையற்ற விளக்கங்கள் அதை உண்டுவிட்டன.

விளக்கத்தைக் குறித்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். கன்னட விளக்கம் ஆங்கில விளக்கத்தின் மொழிபெயர்ப்பாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அக்கி ரொட்டி என்றால் அரிசி மாவில் தட்டிச் சுட்ட ரொட்டி என்பதை வெளியூர்க்காரருக்குத்தான் சொல்ல வேண்டும். அந்த விளக்கத்தைக் கன்னடத்தில் பெயர்த்து, அக்கி ரொட்டியைத் தின்று வளர்ந்தவரிடம் நீட்டுவது, அவரை வாசகராகவே கருதவில்லை என்பதன் அடையாளம். அவர் அறிய விரும்புவது எத்தனை ரொட்டி, தொட்டுக்கொள்ளச் சட்னியா பல்யாவா என்பதே. இரு மொழிக்கும் வெவ்வேறு வாசகர்கள் இருக்கிறார்கள் என்று ஏற்றுக்கொண்டால் மட்டுமே இந்தத் தெளிவு பிறக்கும்.

அடுத்த மறுப்பு வெளிப்படையானது. "வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் படிப்பவர்கள். கன்னடம் ஒரு மரியாதைக்காக." அப்படியானால் கன்னடத்தை எடுத்துவிடுவதே நேர்மை. படிக்க முடியாதபடி ஒரு மொழியை அச்சிட்டு அதற்கு மரியாதை என்று பெயர் வைப்பது, விருந்தாளியை அழைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார வைப்பதற்கு ஒப்பானது. ரோமன் எழுத்துகளின் தலையில் தேவநாகரிக் கோட்டை இழுத்துவிட்டு 'இந்திய மணம்' என்று விற்கும் சமர்கான் வகை எழுத்துருக்களும் இந்த மனப்பான்மையின் பிள்ளைகளே. தேவநாகரியின் தலைக்கோடே இல்லாத கன்னட நாட்டு உணவின் பெயரை அந்த எழுத்தில் அச்சிடுபவருக்கு எழுத்து என்பது மேசை விரிப்பின் பூவேலை.

எதிர்த்திசையிலிருந்தும் ஒரு மறுப்பு வரும். பெயர்ப்பலகைகளில் அறுபது விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டும் என்று கர்நாடகம் 2024-இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறது. அதையே மெனுவுக்கும் கொண்டுவந்தால் போதாதா என்பார்கள். தெருவில் தூரத்திலிருந்து பார்க்கும் பலகைக்குப் பரப்பளவு ஓர் அளவுகோலாகலாம். கையில் பிடித்துப் படிக்கும் அட்டைக்கு அது போதாது. அறுபது விழுக்காடு பரப்பை நிரப்பிய கன்னடமும் ஒத்துகள் மோதி, சாம்பலில் உடைந்து நின்றால் படிக்க முடியாததே. சட்டம் இடத்தைத்தான் அளக்க முடியும். ஒரு சொல்லைத் தயங்காமல் படிக்க முடிகிறதா என்பதை அட்டையை ஆக்குபவர்தான் அளந்தறிய வேண்டும்.

இந்தக் கணக்குகள் கன்னடத்துக்கானவை. தமிழ்ப் பட்டியலுக்கு வரி ஆழம் இவ்வளவு வேண்டாம். சொல்லின் அகலம்தான் அங்கே தலைவலி, பத்தியின் அகலத்தை நீளமான பெயர்தான் முடிவுசெய்யும். இந்திக்கு மேல்குறியும் கீழ்க்குறியும் இரண்டும் உண்டு. எண்கள் ஒவ்வொரு எழுத்துமுறைக்கும் வேறுபடும். எந்த எழுத்துமுறைக்கு அதிக இடம் தேவையோ அதை முதலில் அமர்த்தும் வரிசை எங்கும் ஒன்றே.

பெரியவர் அந்த ஞாயிறன்று மகன் படித்துச் சொன்னவற்றில் ஒன்றைத் தேர்ந்து உண்டுவிட்டுப் போனார். மகன் எல்லாவற்றையும் படித்துச் சொல்லவில்லை; தந்தைக்குப் பிடிக்கும் என்று தாம் எண்ணிய நான்கைந்தை மட்டும் சொன்னார். அட்டையின் இரண்டாம் பக்கத்தில், 8 புள்ளிச் சாம்பல் விளக்கத்தோடு, ஒப்பட்டு இருந்தது. பேத்திக்கு முன்னால், தாம் படித்த மொழியிலேயே, இன்னொருவர் வாய்வழி கேட்டுத்தான் காலை உணவைத் தேர வேண்டியிருந்தது அவருக்கு. அவருக்கு மறுக்கப்பட்டது ஐந்து புள்ளி வரி இடைவெளி. மில்லிமீட்டர் கணக்கில் இரண்டுகூட இல்லை.